நான்கு வண்டி, நான்கு வழி: ஒதுக்கீட்டுக் கணக்கைக் கையால் போட எந்த முறை?

பிளஸ் டூ வணிகக் கணிதத்திலும் சரி, பி.காம்., பி.பி.ஏ. தாள்களிலும் சரி, ஒதுக்கீட்டுக் கணக்கு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். இத்தனை வண்டி, இத்தனை வழித்தடம். ஒரு வண்டிக்கு ஒரு வழி, ஒரு வழிக்கு ஒரு வண்டி. மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். இதைக் கையால் போட நான்கு முறைகள் கண்ணில் படும். எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிப் பார்க்கலாம். மலிவான கட்டத்தை முதலில் பிடிக்கலாம். போக்குவரத்துக் கணக்காக எண்ணி வோகல் முறையில் போடலாம். அல்லது ஹங்கேரியன் முறை. கேள்வியில் முறையின் பெயர் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. இல்லாதபோது எதை எடுப்பது என்பதை ஒரே கணக்கில் நான்கையும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு பள்ளியில் நான்கு வேன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர்கள் இரவில் வண்டியைத் தங்கள் வீட்டுப் பக்கமே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் காலையில் முதல் நிறுத்தம்வரை காலியாக ஓடும் தூரம் வண்டிக்கு வண்டி மாறும். வண்டிகளின் மைலேஜும் ஒன்றுபோல் இல்லை. இரண்டும் சேர்ந்து வரும் ஒரு நாள் செலவு, நூறு ரூபாய்க் கணக்கில், இது:

| வண்டி | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| க | 20 | 22 | 30 | 27 |
| ச | 21 | 29 | 36 | 35 |
| ட | 26 | 25 | 28 | 24 |
| ப | 28 | 27 | 37 | 30 |

ச வண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் வழியில் 21, மற்ற எதில் விட்டாலும் 29-க்குக் குறையாது. பழைய வண்டி, முதல் வழியின் தொடக்கத்திலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கின் முடிச்சு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் கை போகும் இடத்துக்குப் போவோம். அட்டவணையிலேயே சின்ன எண் 20. க வண்டியை வழி 1-க்கு அனுப்பிவிட்டு, அந்த வரிசையையும் நிரலையும் அடித்துவிடுகிறோம். மீதியில் சின்னது 24, ட வண்டிக்கு வழி 4. அப்புறம் 27, ப வண்டிக்கு வழி 2. கடைசியில் ச வண்டிக்கு வழி 3 மட்டும்தான் மிச்சம், அதற்கு 36. மொத்தம் 20 + 24 + 27 + 36 = 107.

மூன்று முறை மலிவாக வாங்கிவிட்டு, நான்காவதில் மொத்தமாகக் கொடுத்துவிட்டோம். வழி 1-ஐ க வண்டி எடுத்துக்கொண்டதில் மிச்சமானது ஒரே ஒரு நூறு, 21-க்குப் பதில் 20. ஆனால் அதனால் ச வண்டிக்கு ஏற்பட்ட இழப்பு பல நூறு. இந்த முறை எடுக்கும் கட்டத்தை மட்டுமே பார்க்கிறது, அதை எடுப்பதால் மற்றவர் இழப்பதைப் பார்ப்பதில்லை. சொல்லப்போனால், க வண்டி வழி 1-ல் போய்விட்டால் மீதியை எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் 107-க்குக் கீழே வராது. முதல் அடியே கையைக் கட்டிவிட்டது.

சரி, எல்லாவற்றையும் எழுதிப் பார்ப்போம். நான்குக்கு நான்கு என்றால் 4! = 24 சேர்க்கைகள். ஒவ்வொன்றிலும் நான்கு எண்களைக் கூட்ட வேண்டும். செய்ய முடியாததல்ல, ஆனால் கூட்டலில் ஒன்று தப்பினாலும் கண்டுபிடிக்க வழியில்லை. 5×5 வந்தால் 120, 6×6 வந்தால் 720. அங்கே இந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

இருந்தாலும் முழுதாக எழுதாமல் ஒரு பகுதியை மட்டும் எழுதிப் பார்ப்பது பயனுள்ளது. ச வண்டி வழி 1-க்குத்தான் போக வேண்டும் என்ற சந்தேகத்தோடு, அதை அங்கே நிறுத்திவிட்டு மீதி ஆறு சேர்க்கைகளை எழுதினால் மொத்தங்கள் 101, 102, 103, 104, 106, 110 என்று வருகின்றன. 101 எது? க வண்டி வழி 2, ச வண்டி வழி 1, ட வண்டி வழி 3, ப வண்டி வழி 4. அதாவது 22 + 21 + 28 + 30. இதற்கு அடுத்ததும் அதற்கடுத்ததும் ஒவ்வொரு நூறு ரூபாய் வித்தியாசத்தில் நெருங்கி நிற்பதையும் பாருங்கள். இப்படிப்பட்ட அட்டவணையில் கண்ணால் பார்த்து ஊகிப்பது நடக்காது. மேலும், ச வண்டியை வழி 1-ல் நிறுத்தியது நம் ஊகம்தானே. மீதி 18 சேர்க்கைகளைப் பார்க்காமல் 101-தான் மிகக் குறைவு என்று விடைத்தாளில் எழுத முடியாது.

வோகல் முறை மலிவு முறையைவிட நிறையக் கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் அது கேட்கும் கேள்வியே வேறு. ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் மிகச் சிறிய எண்ணுக்கும் அடுத்த சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுகிறோம். முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இவ்வளவு அபராதம் என்று பொருள். வரிசைகளுக்கு 2, 8, 1, 1. நிரல்களுக்கு 1, 3, 2, 3. ச வரிசையின் 8 தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. மலிவு முறை கடைசிவரை கவனிக்காத வண்டியை வோகல் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுகிறது. ச வண்டிக்கு வழி 1 என்று முடித்து, அந்த வரிசையையும் நிரலையும் அடித்து, மறுபடி வித்தியாசம் எடுத்தால் பெரியது க வரிசையின் 5 (22-க்கும் 27-க்கும் நடுவே). க வண்டிக்கு வழி 2. மீதி இரண்டில் வழி 3-இன் நிரலில் 9 வருகிறது, அதனால் ட வண்டிக்கு வழி 3, ப வண்டிக்கு வழி 4. மொத்தம் 101.

விடை சரி. ஆனால் அது சரி என்று வோகல் முறைக்கே தெரியாது. அதன் பெயரே தோராய முறை. நல்ல தொடக்கத் தீர்வைத் தரும், மிகச் சிறந்த தீர்வுதான் என்று உறுதி தராது. உறுதிக்கு வரிசைகளுக்கு u, நிரல்களுக்கு v என்று எண்கள் வைத்துச் சோதிக்க வேண்டும், அங்கேதான் ஒதுக்கீட்டுக் கணக்கு மாட்டிக்கொள்ளும். 4×4 போக்குவரத்து அட்டவணையில் அந்தச் சோதனைக்கு 4 + 4 − 1 = 7 கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ நான்கு. மீதி மூன்று கட்டங்களில் எப்சிலான் என்ற, பூச்சியத்தை ஒட்டிய மிகச் சிறிய அளவைப் போட வேண்டும், அதையும் சுற்று உருவாகாத இடமாகத் தேடிப் போட வேண்டும். தேர்வறையில் இந்த வேலை எனக்குப் பிடிக்காது. ஒதுக்கீட்டுக் கணக்கு எப்போதுமே இப்படித்தான் வரும்: n வண்டி இருந்தால் n − 1 எப்சிலான்.

இனி ஹங்கேரியன் முறை. 1955-ல் ஹரால்டு கூன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்டது. தன் முறைக்கு அடிப்படை கோனிக், எகர்வாரி என்ற இரு ஹங்கேரியர்களின் பழைய தேற்றங்கள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார். அடிப்படை எண்ணம் எளிது. ஒரு வரிசையின் எல்லா எண்களிலிருந்தும் ஒரே தொகையைக் கழித்தால் எந்த ஒதுக்கீடு சிறந்தது என்பது மாறாது, ஏனென்றால் அந்த வண்டி எங்கே போனாலும் அந்தத் தொகை குறையத்தான் செய்யும். நிரலுக்கும் அப்படியே.

வரிசைகளின் சிறிய எண்கள் 20, 21, 24, 27. கழிக்கிறோம். அப்புறம் நிரல்களின் சிறிய எண்கள் 0, 0, 4, 0. அவற்றையும் கழித்தால்:

| | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| க | 0 | 2 | 6 | 7 |
| ச | 0 | 8 | 11 | 14 |
| ட | 2 | 1 | 0 | 0 |
| ப | 1 | 0 | 6 | 3 |

விடைத்தாளின் ஓரத்தில் கழித்தவற்றின் கூட்டலை எழுதி வையுங்கள்: 20 + 21 + 24 + 27 + 4 = 96. எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரே ஒரு பூச்சியம் உள்ள வரிசைகளில் ஒதுக்குகிறோம். க வண்டிக்கு 1, அதனால் அதே நிரலில் உள்ள ச வண்டியின் பூச்சியம் அடிபடும். ப வண்டிக்கு 2. நிரல் 3-ல் ஒரே பூச்சியம், ட வண்டிக்கு. ச வண்டி வெறுங்கையோடு நிற்கிறது. மூன்றுதான் ஆயிற்று.

அடுத்தது பூச்சியங்களை மிகக் குறைந்த கோடுகளால் மூடுவது. நிறைய மதிப்பெண் போகும் இடம் இதுதான். மேலே உள்ள அட்டவணையில் வரிசைக்கு ஒரு கோடாக நான்கு இழுத்தால் எல்லாப் பூச்சியமும் மூடிவிடும். நான்கு கோடு வந்துவிட்டது, தீர்வு முடிந்தது என்று எழுதிவிட்டு, அப்புறம் ஒதுக்க முடியாமல் விழிப்பவர்கள் உண்டு. எண்ண வேண்டியது இழுத்த கோடுகளை அல்ல, எத்தனைக்குக் குறைவாக இழுக்க முடியாதோ அந்த எண்ணிக்கையை. கண்ணால் தேடுவதைவிட டிக் போடும் வழி நம்பகமானது. ஒதுக்கீடு கிடைக்காத வரிசைக்கு டிக் போடுங்கள்: ச. அந்த வரிசையில் பூச்சியம் உள்ள நிரலுக்கு டிக்: 1. அந்த நிரலில் ஒதுக்கீடு பெற்ற வரிசைக்கு டிக்: க. க வரிசையில் வேறு நிரலில் பூச்சியம் இல்லை, ஆகவே நின்றுவிடுகிறது. டிக் இல்லாத வரிசைகளுக்கும் டிக் உள்ள நிரல்களுக்கும் கோடு போட வேண்டும். அதாவது வரிசை ட, வரிசை ப, நிரல் 1. மூன்று கோடு. கோனிக் தேற்றத்தின்படி, ஒதுக்க முடிந்த பூச்சியங்களும் தேவைப்படும் குறைந்த கோடுகளும் எப்போதும் சமமாகத்தான் இருக்கும். உங்களிடம் இரண்டும் வேறு வேறாக வந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

கோடு படாத எண்களில் சிறியது 2. கோடு படாதவற்றில் 2-ஐக் கழிக்கிறோம், இரண்டு கோடு வெட்டும் இடங்களில் கூட்டுகிறோம், மற்றதைத் தொடுவதில்லை.

| | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| க | 0 | 0 | 4 | 5 |
| ச | 0 | 6 | 9 | 12 |
| ட | 4 | 1 | 0 | 0 |
| ப | 3 | 0 | 6 | 3 |

மறுபடி ஒதுக்கினால் ச வண்டிக்கு 1, ப வண்டிக்கு 2, ட வண்டிக்கு 3. இந்தத் தடவை க வண்டி வெளியே. டிக் போட்டுப் போனால் க, அதிலிருந்து நிரல்கள் 1, 2, அவற்றிலிருந்து ச, ப. கோடுகள் வரிசை ட, நிரல் 1, நிரல் 2. மூடாதவற்றில் சிறியது 3.

| | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| க | 0 | 0 | 1 | 2 |
| ச | 0 | 6 | 6 | 9 |
| ட | 7 | 4 | 0 | 0 |
| ப | 3 | 0 | 3 | 0 |

இங்கே ஒரு பொறி இருக்கிறது. க வரிசையின் முதல் பூச்சியம் மேலேயே இடது மூலையில் இருக்கிறது என்று அதை எடுத்தால் ச வண்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒற்றைப் பூச்சியம் உள்ள வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ச வண்டிக்கு 1. அதனால் க வண்டிக்கு 2. அதனால் ப வண்டிக்கு 4. அதனால் ட வண்டிக்கு 3. ஒவ்வொன்றும் அடுத்ததைக் கட்டாயப்படுத்துவதால் வேறு தீர்வு கிடையாது. பழைய அட்டவணைக்குப் போய்ச் செலவைக் கூட்டினால் 101.

சரி, ஓரத்தில் எழுதிய 96-க்கு வருவோம். முதல் திருத்தத்தில் நாம் உண்மையில் செய்தது, கோடு படாத வரிசைகளான க, ச இரண்டிலும் தலா 2 கழித்து, கோடு பட்ட நிரல் 1-ல் 2 கூட்டியது. நிகரமாக 2 + 2 − 2 = 2 கழிந்திருக்கிறது. இரண்டாவது திருத்தத்தில் மூன்று வரிசைகளில் தலா 3 கழித்து, இரண்டு நிரல்களில் தலா 3 கூட்டினோம். நிகரம் 3. ஆக இதுவரை வெளியே எடுத்தது 96 + 2 + 3 = 101. நம் விடையும் 101. இது தற்செயல் அல்ல. மிஞ்சிய அட்டவணையில் எதிர்மறை எண் இல்லை, எனவே எந்த ஒதுக்கீட்டுக்கும் செலவு 101-க்குக் குறையவே முடியாது. நம் ஒதுக்கீடு முழுதும் பூச்சியங்களில் விழுவதால் சரியாக 101-ல் நிற்கிறது. மீதி 18 சேர்க்கைகளை எழுதாமலேயே அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியாயிற்று.

சுருக்கமாக ஒரு சூத்திரம்: n×n அட்டவணையில் k கோடு போட்டு θ என்ற எண்ணால் திருத்தினால், ஓரக் கூட்டலில் θ(n − k) சேரும். கடைசியில் ஓரக் கூட்டலும் ஒதுக்கீட்டின் செலவும் ஒத்துப்போகாவிட்டால் கழித்தலிலோ வெட்டுமிடக் கூட்டலிலோ பிழை. நான்கு முறைகளில் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் முறை இது ஒன்றுதான், எனக்கு இதைத் தேர்ந்தெடுக்க இதுவே போதும். பக்கத்தில் இருப்பவர் முதலில் நிரல் 1, நிரல் 2, வரிசை ட என்று கோடு போட்டிருந்தால் அவருக்கு முதலில் 3, அப்புறம் 2 வரும். நடு அட்டவணை வேறாகத் தெரியும், விடை அதேதான். அதைப் பார்த்துவிட்டு உங்களுடையதை அடித்துவிட வேண்டாம்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் திருகுவோம். வழி 1-ல் ஒரு குறுகலான பாலம், ச வண்டி அதில் போகாது. கேள்வித்தாளில் அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருப்பார்கள். அங்கே பூச்சியம் போட்டால் கணக்கே போயிற்று, முறை அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்து ஒதுக்கிவிடும். மிகப் பெரிய எண் என்று வைத்து, எதைக் கழித்தாலும் பெரிதாகவே விட்டுவிட வேண்டும். வரிசைகளில் 20, 29, 24, 27, நிரலில் 4, ஆக 104. முதல் திருத்தத்தில் 1, அடுத்ததில் 2, இரண்டிலும் மூன்று கோடு. ஓரக் கூட்டல் 107. கடைசி அட்டவணையில் க வண்டிக்கு வழி 1 நிச்சயம். மீதி மூன்றும் இரண்டு விதமாக வருகிறது: ச 2, ட 3, ப 4 என்றும், ச 3, ட 4, ப 2 என்றும். இரண்டும் 107. ஒற்றைப் பூச்சியம் எந்த வரிசையிலும் நிரலிலும் இல்லாமல் போனால் மாற்றுத் தீர்வு இருக்கக்கூடும் என்று பொருள். இருந்தால் இரண்டையும் எழுதுவதே நல்லது.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது தீர்வுதான் முதலில் மலிவு முறை கொடுத்தது. பாலம் குறுகியதும் அதே விடை மிகச் சிறந்ததாகிவிட்டது. மலிவு முறை சில நேரம் சரியாக வருவதால்தான் அதை நம்புகிறார்கள். எந்த நேரம் என்பதை அந்த முறையை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

ஆக, முறை சொல்லப்படாத எழுத்துக் கேள்விக்கு ஹங்கேரியன், இதில் எனக்குத் தயக்கமில்லை. 3×3 வந்தால் ஆறே சேர்க்கைதான், ஹங்கேரியனில் போட்டுவிட்டு ஆறையும் பின்பக்கத்தில் எழுதிச் சரிபார்க்கலாம். சரியான விடையை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியில் வோகலின் அபராதங்களை ஓரமாக எழுதிப் பார்ப்பது வேகமான ஊகத்தைத் தரும், ஆனால் 101, 102 என்று நெருங்கிய விடைகள் கொடுத்திருந்தால் அதை நம்ப வேண்டாம். ஒரே வண்டி இரண்டு வழிக்குப் போகலாம், ஒரு வழிக்கு மூன்று வண்டி வேண்டும் என்று எண்ணிக்கைகள் வந்தால் அது ஒதுக்கீடே அல்ல, போக்குவரத்துக் கணக்கு. அங்கே வோகல்தான் தொடக்கம்.

வண்டி ஐந்து, வழி நான்கு என்று வந்தால் பூச்சியங்கள் மட்டும் உள்ள ஒரு போலி நிரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிரலைப் பெறும் வண்டி அன்று ஓடாது. இதில் வரிசையில் கழிக்கும் படி வீண், ஒவ்வொரு வரிசையிலும் ஏற்கெனவே ஒரு பூச்சியம் இருக்கிறது. "வரிசைக் கழித்தலில் மாற்றமில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நேரே நிரலுக்குப் போய்விடலாம். வழி அதிகம், வண்டி குறைவு என்றால் போலி வரிசை வரும், அப்போது வீணாவது நிரல் கழித்தல்.